சனி ராத்திரி கேட் சிஸ்டம் நிற்கிறது: ஒட்ட வேண்டிய அறிவிப்பு

மேனேஜர் சாருக்கு,

நேற்று குரூப்பில் பேசியதை அப்படியே கீழே எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கடியில் நம் கன்டெய்னர் யார்டின் கேட்டிலும் பில்லிங் கவுண்டரிலும் ஒட்ட வேண்டிய அறிவிப்பு, கடைசியில் மைக்கில் சொல்ல வேண்டியது. பேச்சில் விடுபட்ட சில விஷயங்களை கார்த்தியிடமும் டில்லி அண்ணனிடமும் கேட்டுச் சேர்த்திருக்கிறேன். வாடகை பற்றிய வரி மட்டும் நீங்கள் இன்று காலை போனில் சொன்னது. அதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நேற்றுப் பேசியது (ஜூன் 8, திங்கள்)

கார்த்தி (சிஸ்டம்): அண்ணா, இந்த வாரம் சர்வர மாத்திடலாம்னு இருக்கேன். பழைய டிஸ்க் ரெண்டு வாட்டி அலாரம் குடுத்துடுச்சு

டில்லி (கேட்): எந்த நைட்டுபா

கார்த்தி: சண்டே 12 மணிக்கு மேல

டில்லி: சண்டே 12னா இன்னா? சனிக்கெழம முடிஞ்சி வர்ற 12ஆ, ஞாயித்துக்கெழம முடிஞ்சி வர்ற 12ஆ

கார்த்தி: சனி முடிஞ்சு வர்றது

டில்லி: அத்த ஒயுங்கா சொல்லு. நான் திங்கக்கெழமன்னு நெனச்சி ஷிஃப்ட் போட்ருப்பேன்

கார்த்தி: ரெண்டு மணி நேரம்தான்ணா. மேக்ஸிமம் மூணு

பாஷா (பில்லிங்): போன வாட்டியும் ரெண்டு மணி நேரம்னுதான் சொன்ன. விடிஞ்சிருச்சு. லாரி எம்.எஃப்.எல். பக்கம் வரைக்கும் நின்னுச்சு

கார்த்தி: அப்ப பேக்கப் சரியா ஏறல பாய். இந்த வாட்டி ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்

டில்லி: வே பிரிட்ஜ் ஓடுமா

கார்த்தி: ஓடும். ஸ்லிப் மட்டும் வராது

டில்லி: ஸ்லிப் வராத வே பிரிட்ஜ வெச்சிக்கினு நான் இன்னா பண்றது 😂

பாஷா: டோக்கன், கேட் பாஸ், பில்லு, மூணும் படுத்துரும்

மேனேஜர்: ரீஃபர் ப்ளக்?

கார்த்தி: கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார்

டில்லி: கையால எய்திக்கலாம் சார். பழைய புக்கு கீது

மேனேஜர்: ஓகே. உமா, ஒரு நோட்டீஸ் போட்டுடுங்க

பேச்சு இவ்வளவுதான். இதை வைத்து நான் முதலில் எழுதியது, ‘சர்வர் பராமரிப்புப் பணி காரணமாகச் சேவைகள் தற்காலிகமாகப் பாதிக்கப்படலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம்’. எழுதி முடித்து கேட்டில் நின்ற ஒரு டிரைலர் டிரைவரிடம் படித்துக் காட்டினேன். “அப்போ நான் வரட்டா, வேணாவா?” என்று கேட்டார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவருக்கு சர்வர் எது என்று தெரிய வேண்டியதில்லை. காட்டுப்பள்ளியிலிருந்தோ ஜீரோ கேட்டிலிருந்தோ பெட்டியை ஏற்றிக்கொண்டு ராத்திரி ஒன்றரை மணிக்கு நம் வாசலில் வந்து நின்றால் உள்ளே விடுவோமா என்பதுதான் தெரிய வேண்டும்.

நேரம் பற்றி ஒரு விளக்கம், ஏனென்றால் கார்த்தி சொன்ன இரண்டு மணி நேரம் அறிவிப்பில் ஆறு மணி நேரமாகியிருக்கிறது. படிப்படியாகக் கேட்டதில் வந்த கணக்கு இது. இரவு 11 மணிக்குப் பதிவு நிறுத்தம். கடைசி பேக்கப் எடுக்க அரை மணி நேரம். புது சர்வருக்கு ஏற்ற இரண்டு மணி நேரம். டோக்கன், எடை, பில் மூன்றையும் ஓட்டிப் பார்க்க ஒன்றரை மணி நேரம். ஆக அதிகாலை மூன்று மணி ஆகிவிடும். மூன்றரைக்குள் சரியாக வராவிட்டால் பழைய சர்வருக்கே திரும்பிவிடுவோம், அதற்கு முக்கால் மணி நேரம். மீதி, கையால் எழுதிய சீட்டுகளை ஏற்ற. கார்த்தி சொன்ன இரண்டு மணி நேரம் ஏற்றுகிற வேலைக்கு மட்டும். எல்லாம் நன்றாக முடிந்து மூன்று மணிக்கே திறந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஐந்து என்று சொல்லிவிட்டு ஆறு ஆனால் பாஷா பாய் சொன்ன வரிசைதான்.

‘12 மணி’ என்ற சொல்லை இரவைக் குறிக்க எங்கும் எழுதவில்லை. நள்ளிரவில் தேதி மாறுவதை ஒருவர் ஒருபுறமும் இன்னொருவர் மறுபுறமும் எண்ணுகிறார்கள், குரூப்பிலேயே பார்த்தோம். 11க்கும் 5க்கும் அந்தக் குழப்பம் கிடையாது.

ஒட்ட வேண்டியது:

அறிவிப்பு
நாள்: 9 ஜூன் 2026, செவ்வாய்

ஜூன் 13 சனிக்கிழமை இரவு 11 மணி முதல் ஜூன் 14 ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணி வரை யார்டின் கம்ப்யூட்டர் சிஸ்டம் இயங்காது.

டோக்கன், கேட் பாஸ், எடைச்சீட்டு, பில் ஆகிய நான்கும் இந்த ஆறு மணி நேரத்தில் அச்சாகாது. பழைய சர்வரை மாற்றுவதற்காக இந்த நிறுத்தம். கேட் மூடப்படாது. ஆனால் எல்லா வண்டிகளுக்கும் வேலை நடக்காது என்பதால், உங்கள் பெட்டி எந்த வகை என்பதைப் பார்த்து வரவும்.

இறக்குமதிப் பெட்டி எடுக்க வருபவர்கள்: சனிக்கிழமை இரவு 10.30 மணிக்குள் பணம் கட்டி கேட் பாஸ் அச்சிட்டு வாங்கியிருந்தால், இரவு எந்நேரமும் பெட்டியை எடுத்துச் செல்லலாம். கேட் பாஸ் இல்லாதவர்களுக்கு ஞாயிறு காலை 5 மணிக்குப் பிறகுதான் டெலிவரி. கஸ்டம்ஸ் சிஸ்டம் தனி, ஐஸ்கேட் இந்த வேலையால் நிற்காது. அதில் அவுட் ஆஃப் சார்ஜ் வந்திருந்தாலும், எங்கள் கேட் பாஸ் இல்லாமல் பெட்டி வெளியே போகாது.

ஏற்றுமதிப் பெட்டி கொண்டு வருபவர்கள்: பெட்டி உள்ளே அனுமதிக்கப்படும், கையெழுத்துச் சீட்டு தரப்படும். வே பிரிட்ஜில் எடை பார்க்கப்படும், ஆனால் அச்சிட்ட எடைச்சீட்டு காலை 5 மணிக்குப் பிறகே கிடைக்கும். எங்கள் எடையை வைத்து வி.ஜி.எம். கொடுப்பவர்கள் எடைச்சீட்டு வரும்வரை அதைக் கொடுக்க முடியாது, ஃபார்ம் 13 வேலையும் நகராது. எனவே ஞாயிறு முற்பகலில் கப்பல் கட்-ஆஃப் உள்ள பெட்டிகளை சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் கொண்டு வந்துவிடவும். திங்கட்கிழமை கட்-ஆஃப் என்றால் அவசரம் இல்லை.

காலிப் பெட்டி: வழக்கம்போல் இறக்கலாம். கையெழுத்துச் சீட்டில் பெட்டி எண்ணின் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் முழுதாக இருக்கிறதா என்று டிரைவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கடைசி இலக்கத்தை, கட்டத்துக்குள் இருக்கிறதே அதை, விட்டுவிட வேண்டாம். முன்னால் உள்ளவை சரியா என்று சோதிக்கத்தான் அந்த இலக்கம். காலையில் ஏற்றும்போது அது ஒத்துவராவிட்டால் சிஸ்டம் பெட்டியை ஏற்காது.

ரீஃபர் பெட்டி: மின்சாரம் நிற்காது, ப்ளக் பாயிண்ட்கள் வழக்கம்போல் இயங்கும். வெப்பநிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊழியர்கள் நேரில் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள்.

பணம் கட்டுதல்: சனி இரவு 10.30 முதல் ஞாயிறு காலை 5 மணி வரை ஆன்லைனில் பணம் அனுப்ப வேண்டாம். உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும், எங்களிடம் ரசீது விழாது.

தரை வாடகை: இலவச நாள் ஜூன் 13 சனிக்கிழமையோடு முடியும் பெட்டிகளை ஞாயிறு பகல் 12 மணிக்குள் எடுத்தால், ஞாயிற்றுக்கிழமைக்கான வாடகை வாங்கப்படாது. இதற்குத் தனியாக விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.

காத்திருக்கும் வண்டிகள்: சாலையோரம் நிறுத்தாமல், கேட் 2 வழியாக வந்து மேற்குப் பக்கக் காலிப் பெட்டித் திடலில் நிறுத்தவும். அங்கே விளக்கும் குடிநீரும் கழிப்பறையும் உண்டு. வந்த வரிசைப்படி எண் எழுதித் தரப்படும். காலை 5 மணிக்கு டோக்கன் அதே வரிசையில் போடப்படும்.

வேலை முன்கூட்டியே முடிந்தால் மைக்கில் அறிவித்து உடனே டோக்கன் தொடங்கப்படும். புது சர்வர் சரிவராவிட்டால் பழைய சர்வரிலேயே காலை 5 மணிக்கு வேலை தொடங்கும். அப்படியானால் மாற்றும் வேலைக்கு வேறொரு நாள் குறித்து மீண்டும் அறிவிப்போம்.

தொடர்புக்கு: சனி மாலை 6 மணி வரை டாக்குமெண்டேஷன் கவுண்டரில் உமா, இன்டர்காம் 214. அதற்குப் பிறகு இரவு முழுவதும் கேட் 2 கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் டில்லி, இன்டர்காம் 201, யார்டுக்குள் வாக்கி டாக்கி சேனல் 4. ரீஃபர் பற்றி மட்டும் இன்டர்காம் 220. வெளியிலிருந்து அழைப்பவர்கள் டோக்கன் சீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் யார்டு எண்ணை அழைத்து, மேலே உள்ள மூன்று இலக்கத்தைச் சொல்லவும்.

யார்டு நிர்வாகம்

இதில் கார்த்தியின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை சார். போட்டால் ராத்திரி முழுக்க அவருக்குத்தான் போன் வரும், வேலை ஓடாது. டில்லி அண்ணனுக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அவர் கார்த்தியைக் கேட்டுக்கொள்வார்.

மைக்கில் சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து அரை மணிக்கொரு முறை சொல்ல வேண்டியது. இதைப் பேச்சு நடையிலேயே எழுதியிருக்கிறேன், ஒட்டுகிற நோட்டீஸை மைக்கில் படித்தால் இரண்டாவது வரியிலேயே கேட்பதை விட்டுவிடுவார்கள்:

“டிரைவர் அண்ணன்மார்களே, கவனிங்க. இன்னிக்கு ராத்திரி பதினோரு மணியிலேர்ந்து நாளைக்குக் காலைல அஞ்சு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் ஓடாது. இறக்குமதிப் பெட்டி எடுக்க வந்தவங்க பத்தரைக்குள்ள கேட் பாஸ் வாங்கிடுங்க. வாங்கலன்னா காலைல அஞ்சுக்கு மேலதான் வண்டி வெளிய போகும். ஏற்றுமதிப் பெட்டியும் காலிப் பெட்டியும் உள்ள வரலாம், சீட்டு கையால தருவாங்க, நம்பரைப் படிச்சுப் பாத்து வாங்கிக்கோங்க. ரோட்டுல வண்டி போடாதீங்க, கேட் ரெண்டு வழியா உள்ள வந்து நிறுத்துங்க. சந்தேகம்னா கேட் ரெண்டுல டில்லியைக் கேளுங்க.”

வெளி மாநில டிரைவர்களுக்காக இதையே இந்தியில் சொல்ல, ராத்திரி ஷிஃப்ட் செக்யூரிட்டி ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

புதன் பகலுக்குள் நீங்கள் சரி என்றால் அன்று மாலையே இரண்டு கேட்டிலும், பில்லிங் கவுண்டரிலும், திடலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையிலும் ஒட்டிவிடுகிறேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். டிரைவர்கள் நம் நோட்டீஸ் போர்டைப் பார்ப்பதைவிட அந்தச் சுவரைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். ஏஜென்ட் குரூப்புகளுக்கும் அன்றே போய்விடும், வெள்ளிக்கிழமை காலை இன்னொரு முறையும் அனுப்புவேன்.

உமா
டாக்குமெண்டேஷன்