தன்விவரம்: கவிதா செ., கோயம்புத்தூர்

விண்ணப்பிக்கும் வேலை: உங்கள் பால் டெலிவரி ஸ்டார்ட்அப்பில் ஆபரேஷன்ஸ் பார்க்கும் முதல் ஆள்

விசிட்டிங் கார்டில் கடைசிவரை எனக்கு இருந்த பதவி 'டெலிவரி ஒருங்கிணைப்பாளர்'. பார்த்த வேலை அதற்குள் அடங்காது. அதனால் பதவிகளை விட்டுவிட்டு, நான் பொறுப்பெடுத்து முடித்தவற்றை எழுதுகிறேன்.

காய்கறி டெலிவரி ஸ்டார்ட்அப், கோயம்புத்தூர்
ஆகஸ்ட் 2020 – ஜூலை 2025

மூன்றாவது ஊழியராகச் சேர்ந்தேன். விலகும்போது 34 பேர். ஒரு நாளைக்கு 60 ஆர்டர் என்றிருந்தது 900 ஆனது.

தக்காளி சேதம்: 100 கிலோவுக்கு 11 கிலோவிலிருந்து 4 கிலோ
உடுமலையிலிருந்து வரும் தக்காளி தினமும் நசுங்கியது. வண்டிக்காரரைக் குறை சொன்னார்கள். யாரும் கேட்காமலே மூன்று இரவு அந்த வண்டியில் போய்வந்தேன். வண்டி மெதுவாகத்தான் வந்தது. 14 கிலோ பெட்டியை விளிம்புக்கு மேல் குவித்து நிரப்பியதால் மேல்பெட்டியின் பாரம் முழுவதும் பழத்தின் மேல் இறங்கியது. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தச் சொல்லி, குறையும் எடைக்குத் தகுந்த விலையை அங்கிருந்து சரக்கு அனுப்புபவரிடம் அன்றே பேசி முடித்தேன். மறுநாள் காலையே வித்தியாசம் தெரிந்தது.

பொங்கல் வாரம், 2023
காலை 6:10-க்கு ஆன்லைன் பேமென்ட் நின்றது. 280 ஆர்டர் வண்டியில் ஏறிவிட்டன. யுபிஐ க்யூஆர் கோடை ஏ4 தாளில் அச்சடித்து, ஒவ்வொரு டெலிவரி பையனிடமும் ஒன்று கொடுத்து, வசூலைக் குறிக்க ஒரு கூகுள் ஷீட் போட்டேன். 6:50-க்கு வண்டிகள் கிளம்பின. இரவு கணக்கில் 340 ரூபாய்தான் இடித்தது.

தவறிய ஒன்று
2022-ல் சூலூரில் இரண்டாவது கிடங்கு திறக்கலாம் என்று சொன்னதும் நான், மூன்று மாதத்தில் மூடலாம் என்று சொன்னதும் நான். மொத்த ஆர்டரைப் பார்த்தேனே தவிர, ஒரு தெருவுக்கு எத்தனை வீடு என்று பார்க்கவில்லை. இப்போது புது ஏரியா என்றால் அதைத்தான் முதலில் கேட்பேன். பாலுக்கும் இந்தக் கணக்குதான்.

இவை போக
டாலியில் பில், ஜிஎஸ்டி தாக்கலுக்கான கணக்கு, டெலிவரிக்கு 19 பேரைச் சேர்த்துப் பழக்கியது. ஆள் வராத நாளில் நானே வண்டி எடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப் ஆர்டரில் 'கால் கிலோ', '250', '1/4' என்று வருவதையெல்லாம் ஒரே அளவாக மாற்ற, பைத்தான் கற்றுக்கொண்டு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கற்று எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. நான் விலகும்வரை அதுதான் ஓடியது.

படிப்பு: பி.காம்., 2019, பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி
மொழி: தமிழ், ஆங்கிலம், பேசும் அளவுக்கு மலையாளம்
சேரக்கூடிய நாள்: அடுத்த திங்கள். விடியற்காலை 4 மணி ஷிப்ட் எனக்குப் பழக்கம். முதல் வாரம் உங்கள் பால் வண்டியில் வர விரும்புகிறேன்.