தீபாவளி சீசன் லீவு: பட்டு செக்‌ஷனில் எல்லோரும் படிக்கவும்

நம்ம செக்‌ஷன் 18 பேருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. போன வருஷம் லீவு கொடுத்ததில் தப்பு என்னுடையது. முதலில் வந்து கேட்டவர்களுக்கும், டிக்கெட்டைக் காட்டியவர்களுக்கும் கொடுத்துவிட்டேன். கேட்கத் தயங்கிய நாலு பேர் ஊருக்கே போகவில்லை. அதில் ஒரு தங்கச்சி பொங்கலுக்குத்தான் தன் பிள்ளையைப் பார்த்தாள். அது இன்னும் மனசை உறுத்துகிறது.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். நவம்பர் 6 ராத்திரி வண்டிக்குச் செப்டம்பர் 7 காலை 8 மணிக்கே புக்கிங். அதனால் செப்டம்பர் 3, வியாழக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்பே யாருக்கு எப்போது லீவு என்று முடிவு செய்துவிடுவோம். அதற்கு முன்பு யாரும் டிக்கெட் போட வேண்டாம். போட்டாலும் அதற்காக முன்னுரிமை கிடையாது.

பட்டு எடுப்பவர்கள் பிளவுஸ் தைக்க நாள் வேண்டும் என்று முன்னாடியே வந்துவிடுவார்கள். கடைசி இரண்டு நாள் கூட்டமெல்லாம் ரெடிமேட் பக்கம்தான். ஆகவே நமக்கு நெருக்கடி அக்டோபர் 12 முதல் நவம்பர் 1 வரை. அந்த மூன்று வாரமும் சனி, ஞாயிறு லீவு இல்லை. மற்ற நாளில், வார ஆஃப் போக, ஒரு நாளைக்கு இரண்டு பேர் வரை லீவு எடுக்கலாம். காரணம் கேட்க மாட்டேன், நோட்டில் பெயர் எழுதினால் போதும்.

பண்டிகைக்கு எட்டுப் பேர் நவம்பர் 6 ராத்திரி கிளம்பி 10ஆம் தேதி காலை வேலைக்கு வர வேண்டும். போன வருஷம் போகாத நாலு பேருக்கு முதலில் இடம். மீதி நாலு இடத்துக்கு எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். இருந்து பார்க்கிற பத்துப் பேருக்கு நவம்பர் 10, 11, 12 மூன்று நாள் லீவு. அடுத்த தீபாவளிக்கு முதல் இடமும் அவர்களுக்குத்தான்.

தீபாவளி கொண்டாடாதவர்கள் நம்மில் மூன்று பேர் இருக்கிறார்கள். "உனக்கென்ன, நீ இரு" என்று யாரும் அவர்களிடம் சொல்லக் கூடாது. அவர்கள் பெயரும் குலுக்கலில் இருக்கும். விருப்பப்பட்டு விட்டுக்கொடுத்தால், கிறிஸ்துமஸ், ரம்ஜானுக்கு அவர்கள் கேட்கிற நாள் நிச்சயம்.

நாள் மாற்றிக்கொள்வதென்றால் இரண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்லுங்கள். ஒருவர் மட்டும் வந்து "அக்கா சரின்னு சொல்லிட்டாங்க" என்றால் மாற்ற மாட்டேன்.

சாவு, ஆஸ்பத்திரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. நடுராத்திரி ஆனாலும் எனக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். மாதவிலக்கு வலியோடு கவுண்டரில் நின்று கஷ்டப்பட வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும்.

இதில் யாருக்காவது ஒத்துவரவில்லை என்றால் ஆகஸ்ட் 31க்குள் தனியாக வந்து பேசுங்கள், மாற்ற முடிந்ததை மாற்றுவோம். லீவு நோட்டு பில்லிங் மேசையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

பட்டு செக்‌ஷன் இன்சார்ஜ்
24.08.2026