கவசத்தை எங்கே போடுவது?

கிளிநொச்சி உயர்தர கணித மாணவர்களுக்கு இந்தக் கிழமைப் புதிர்.

இரண்டாம் உலகப் போர். தாக்குதலுக்குப் போய்த் திரும்பிய அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் சன்னம் துளைத்த இடங்களை எண்ணுகிறார்கள். உடற்பகுதியில் நிறைய, எஞ்சினில் கொஞ்சம். முழுக்கக் கவசம் போட்டால் பாரம் தாங்காது. ஆகவே துளை கூடின இடத்தில் தகடு அடிப்போம் என்கிறார்கள் சிலர். சரியா? விடையைப் பார்க்க முதல் ஒரு விமானத்தை வரைந்து யோசியுங்கள்.

விடை: பிழை. தகடு எஞ்சினுக்குத்தான் வேண்டும். வானத்தில் வரும் சன்னம் எஞ்சினை மட்டும் விலக்கிப் போகாது, அங்கேயும் பட்டிருக்கும். அங்கே பட்டவற்றில் பல விழுந்துவிட்டன, எண்ணுகிறவர் கைக்கு வரவில்லை. உடலில் துளையோடு வந்தவை, அந்த அடியைத் தாங்கலாம் என்பதற்கே சாட்சி. ஆபிரகாம் வால்ட் என்ற கணிதவியலாளர் 1943இல் நியூயோர்க்கில் இந்தக் கணக்கைச் செய்தார். மிக அழகான சிந்தனை இது.

இனி நீங்கள்: ஒட்டுசுட்டான் காட்டில் மேய்ந்து பட்டிக்குத் திரும்பும் மாடுகளின் காலில் கம்பிச் சுருக்கு வெட்டிய காயம் இருக்கிறது, கழுத்தில் இல்லை. "கழுத்துக்குப் பயமில்லை" என்கிறார் பட்டிக்காரர். அவருக்கு என்ன சொல்வீர்கள்? வேறென்ன எண்ணிப் பார்க்கச் சொல்வீர்கள்?