டிஜிட்டல் வருகைப் பதிவு அமைப்பு: 2026-27 கல்வியாண்டுக்கான எங்கள் முன்மொழிவு

பெறுநர்: தாளாளர், செயலாளர் மற்றும் முதல்வர்
கோபிசெட்டிபாளையம்

மதிப்பிற்குரிய தாளாளர் அம்மாவுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை முதல்வர் ஐயா அனுமதியோடு காலை எட்டே காலில் இருந்து பதினொன்றரை வரை உங்கள் பள்ளியில் இருந்தோம். கேட்டில் அரை மணி நேரம், 8-பி வகுப்பில் ஒரு பீரியட், மீதி நேரம் அலுவலகத்தில். அன்று பார்த்த ஒரு விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த அமைப்பு எதற்கு என்பது அதிலேயே இருக்கிறது.

10.40க்கு ஒரு அப்பா போன் செய்து, மகள் வகுப்பில் இருக்கிறாளா என்று கேட்டார். காலையில் பஸ் ஸ்டாப்பில் விட்டிருக்கிறார், ஏறியதைப் பார்க்கவில்லை. கிளார்க் அம்மா இரண்டாவது மாடிக்கு ஆள் அனுப்பினார். ரிஜிஸ்டர் கிளாஸ் டீச்சரிடம், டீச்சர் லேபில், லேப் அடுத்த கட்டடத்தில். "இருக்கிறாள்" என்று பதில் சொல்ல 14 நிமிடம் ஆனது. குழந்தை பத்திரமாக இருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த 14 நிமிடமும் அந்த அப்பா லைனிலேயே இருந்தார்.

அந்தக் கேள்விக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பத்து நொடியில் பதில் சொல்ல வேண்டும், வராத பிள்ளையின் வீட்டுக்கு 9.30க்குள் அவர்கள் கேட்காமலே தகவல் போக வேண்டும். நாங்கள் விற்க வந்திருப்பது இதைத்தான். மற்ற வசதிகள் எல்லாம் அப்புறம்.

என்ன வைக்கப் போகிறோம்

ஒவ்வொரு மாணவருக்கும் போட்டோ அச்சிட்ட ஐடி கார்டு. அதற்குள்ளேயே 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப்ஐடி சிப் இருக்கும். கேட்டில் உள்ள ரீடரில் காட்டினால் பீப் சத்தம், பச்சை விளக்கு, திரையில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் வரும், அவ்வளவுதான்.

ரீடர் நான்கு: மெயின் கேட்டில் இரண்டு, பஸ் வந்து நிற்கும் பின்பக்க கேட்டில் இரண்டு. ஒன்று போதாதா என்று செயலாளர் கேட்டார். நாங்களும் ஒரு காலத்தில் போதும் என்றுதான் நினைத்தோம். எங்கள் ஆரம்ப கால வேலை ஒன்றில், 600 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரே ரீடரை மாட்டிவிட்டு வந்தோம். முதல் நாள் காலையில் வரிசை கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது, டிராஃபிக் போலீஸ் வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போனார். உங்களிடம் 1,140 பேர். அதில் எண்ணூறு பேராவது பெல் அடிப்பதற்கு முந்தைய 12 நிமிடத்தில்தான் வருகிறார்கள் (நின்று எண்ணினோம்). நான்கு ரீடர் என்றால் ஒரு பிள்ளைக்கு மூன்றரை நொடி கிடைக்கும். பையைத் தோளில் மாற்றிக்கொண்டு கார்டைத் தேடும் எல்கேஜி குழந்தைக்கும் அது போதும்.

கார்டு மட்டும் போதாது

எந்த விற்பனையாளரும் முதலில் சொல்ல விரும்பாத ஒன்று: ரீடருக்குத் தெரிவது கார்டு மட்டும்தான், பிள்ளை யார் என்று அதற்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் பையன் நண்பன் கார்டையும் சேர்த்துக் காட்டிவிட்டு வந்தால் மெஷின் இருவரும் வந்ததாகத்தான் பதிவு செய்யும். அதனால் கேட் பதிவை மட்டும் நம்பி வீட்டுக்குத் தகவல் அனுப்பும் அமைப்பை நாங்கள் கொடுப்பதில்லை. வகுப்பில் ஒரு கண் பார்த்தாக வேண்டும்.

இதற்கு டீச்சர் மொபைலில் ஒரு ஆப் கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் உங்கள் பள்ளியில் டீச்சர்கள் வகுப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்ற விதி இருக்கிறது. நல்ல விதி, எங்களுக்காக அதை மாற்ற வேண்டாம். இப்போது அட்டெண்டர் அண்ணன் வகுப்பு வகுப்பாகக் கொண்டு சுற்றும் அந்த இளஞ்சிவப்பு ஆப்சென்டீஸ் சீட்டையே வைத்துக்கொள்வோம். 9.05க்கு அலுவலகப் பிரிண்டரில் 32 செக்ஷனுக்கும் சீட்டு வந்துவிடும், கேட்டில் கார்டு காட்டாதவர்கள் பெயர் மட்டும் அதில் இருக்கும். டீச்சர் வகுப்பைப் பார்க்கிறார்: பெயர் இருக்கிறது, ஆனால் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான் (கார்டை மறந்திருப்பான்) என்றால் பெயரைச் சுழிக்கிறார். பெயர் இல்லை, இடம் காலி என்றால் எழுதுகிறார். சீட்டு 9.20க்குள் திரும்பி வரும், கிளார்க் அம்மா திருத்தங்களை மட்டும் கணினியில் போடுவார், 9.30க்குத் தகவல் கிளம்பும். ஒருவன் கேட்டில் பதிந்து வகுப்பில் இல்லை என்றால் அந்தப் பெயர் மட்டும் சிவப்பில் தனியாக முதல்வர் திரைக்கு வரும், வீட்டுக்குப் போன் செய்வதற்கு முன் வளாகத்துக்குள் ஒருமுறை தேடிப் பார்க்க.

8-பியில் பெயர் கூப்பிட்டு முடிக்க அன்று 6 நிமிடம் ஆனது. வருடத்துக்கு 200 வேலை நாள் என்று வைத்தால் 1,200 நிமிடம். நாற்பது நிமிட பீரியட் கணக்கில் ஒரு செக்ஷனுக்கு 30 பீரியட். கணக்கு டீச்சர்தான் அங்கே கிளாஸ் டீச்சர், இதைச் சொன்னதும் "பத்தாம் வகுப்புக்கு முதலில் போடுங்கள்" என்றார்.

மதியப் பதிவுக்குக் கார்டு வேண்டாம். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வெளியே போவதில்லை, காலைப் பட்டியலே தொடரும். அரை நாள் லீவில் போகிறவருக்கு அலுவலகத்தில் கேட் பாஸ் போடும்போதே நேரம் பதிவாகிவிடும்.

விரல் ரேகை ஏன் இல்லை

குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். ஆசிரியர்களுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வளரும் குழந்தையின் விரல் மாறிக்கொண்டே இருக்கும், ஆதாரிலேயே 5 வயதில் கொடுத்த ரேகையை 15 வயதில் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். அதோடு, கார்டு தொலைந்தால் வேறு கார்டு கொடுக்கலாம், ரேகை கசிந்தால் வேறு விரல் கொடுக்க முடியாது.

2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தைக் கையாள்வதில் பெற்றோர் சம்மதத்துக்கு முக்கிய இடம் இருக்கிறது. ஒரு பக்கச் சம்மதப் படிவத்தைத் தமிழிலேயே தயார் செய்து தருகிறோம், அட்மிஷன் படிவத்தோடு வாங்கிவிடுங்கள். நாங்கள் கேட்பது பெயர், வகுப்பு, போட்டோ, பெற்றோரின் இரண்டு எண்கள் மட்டும். ஆதார் எண் கேட்க மாட்டோம், நீங்கள் கொடுத்தாலும் வாங்க மாட்டோம்.

வீட்டுக்குப் போகும் தகவல்

உங்கள் பெற்றோரில் நிறையப் பேர் மில்லில் ஷிஃப்ட் வேலை செய்கிறார்கள், உள்ளே போன் எடுத்துப் போக விடுவதில்லை. அதனால் அப்பா, அம்மா இருவர் எண்ணுக்கும் போகும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களையும் நினைத்து எஸ்எம்எஸ், அதுவும் தமிழில்.

தமிழ் எஸ்எம்எஸ்ஸில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரு மெசேஜ், தமிழில் 70தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். 'மதிப்பிற்குரிய பெற்றோர் அவர்களுக்கு' என்று இழுத்தால் இரண்டு மெசேஜ் காசு போகும். நாங்கள் போட்டிருப்பது இது:

"காவ்யா, 8-பி, இன்று வகுப்புக்கு வரவில்லை. - பள்ளி அலுவலகம்"

இடைவெளியோடு 58. நீளமான பெயருக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. டிராய் விதிப்படி அனுப்புநர் பெயரையும் இந்த வாசகத்தையும் எஸ்எம்எஸ் பதிவுக்கான டிஎல்டி தளத்தில் பள்ளியின் பெயரில் பதிய வேண்டும். அந்த வேலையை நாங்கள் செய்து தருவோம், பதிவுக் கட்டணத்தை மட்டும் பள்ளி நேரடியாகக் கட்ட வேண்டும்.

கரண்ட், நெட், எமிஸ்

கரண்ட் போனால் ரீடர்களுக்குச் சிறிய யுபிஎஸ் இருக்கிறது, இரண்டு மணி நேரம் தாங்கும். நெட் போனால் ரீடரிலேயே பதிவு சேர்ந்து, வந்ததும் ஏறிக்கொள்ளும். ஆனால் நெட் வரும்வரை எஸ்எம்எஸ் போகாது, அந்த நாளில் கிளார்க் அம்மா பட்டியலைப் பார்த்துப் போனில்தான் சொல்ல வேண்டியிருக்கும். எமிஸ் தளத்தில் எங்கள் மென்பொருள் நேராகப் பதிவு செய்யாது. வேண்டிய விவரத்தை எக்செல் தாளாக எடுத்துத் தருவோம். வேறு நிறுவனம் யாராவது 'தானாக ஏறிவிடும்' என்று சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவு

ஒருமுறை மட்டும்:
ரீடர் 4, ஒன்று ரூ. 9,500 வீதம்: ரூ. 38,000
கார்டு 1,200, ஒன்று ரூ. 45 வீதம்: ரூ. 54,000
யுபிஎஸ், வயரிங், பொருத்தும் கூலி: ரூ. 14,000
கூட்டினால் ரூ. 1,06,000. ஜிஎஸ்டி 18% ரூ. 19,080 சேர்த்து ரூ. 1,25,080.

ஆண்டுதோறும்:
மென்பொருளும் பராமரிப்பும் மாணவருக்கு ரூ. 60 வீதம் 1,140 பேருக்கு ரூ. 68,400, ஜிஎஸ்டியோடு ரூ. 80,712. எஸ்எம்எஸ் தனி. நாளுக்கு 50 பேர் வரவில்லை என்று வைத்தால், வீட்டுக்கு இரண்டு எண் வீதம் வருடத்துக்கு 20,000 மெசேஜ், ஒன்று 25 பைசா, ஜிஎஸ்டியோடு ரூ. 5,900 வரும்.

அறுபது கார்டு கூடுதலாக இருப்பது புது அட்மிஷனுக்கு. தொலைந்த கார்டுக்கு மாற்று ரூ. 60, அதைப் பெற்றோரிடம் வாங்குவதா பள்ளியே கட்டுவதா என்பது உங்கள் முடிவு. முதல் மாதம் நிறையத் தொலையும், ஆகஸ்டுக்கு மேல் குறைந்துவிடும், இது எங்கள் அனுபவம்.

பணம் மூன்று தவணை: ஆர்டரோடு ரூ. 50,032, பொருத்தி முடித்ததும் ரூ. 50,032, பள்ளி திறந்து 30 நாள் ஓடிய பிறகு மீதி ரூ. 25,016. அந்த 30 நாளில் வேலை நாள் எதிலாவது எங்கள் பக்கத் தவறால் 9.30 தகவல் போகவில்லை என்றால், ஒவ்வொரு நாளுக்கும் கடைசித் தவணையில் ரூ. 1,000 கழித்துக்கொள்ளுங்கள். ரீடருக்கு இரண்டு ஆண்டு வாரண்டி, பழுதானால் அன்றே மாற்று ரீடர். எங்கள் சர்வீஸ் ஆள் ஈரோட்டில் இருக்கிறார், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்.

எங்களோடு தொடர வேண்டாம் என்று எப்போது முடிவு செய்தாலும் எல்லாப் பதிவுகளையும் எக்செல்லில் கொடுத்துவிட்டு, 30 நாளுக்குள் எங்கள் சர்வரிலிருந்து அழித்து, அழித்ததாக எழுத்தில் தருவோம். கார்டும் ரீடரும் உங்கள் சொத்து.

அடுத்து

ஒரேயடியாக முடிவு எடுக்க வேண்டாம் என்று குழு நினைத்தால், இந்த ஏப்ரலிலேயே 8-ஆம் வகுப்பின் மூன்று செக்ஷனுக்கு மட்டும் ஒரு ரீடரோடு பத்து வேலை நாள் இலவசமாக ஓட்டிக் காட்டுகிறோம். பிடிக்கவில்லை என்றால் கழற்றிக்கொண்டு போய்விடுவோம், சுவரில் போட்ட ஓட்டையையும் அடைத்துவிட்டு.

முழு அமைப்பும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே ஓட வேண்டும் என்றால் ஏப்ரல் 25க்குள் ஆர்டர் வேண்டும். ரீடர் மூன்று நாளில் வந்துவிடும், நேரம் பிடிப்பது போட்டோதான். 1,140 பேரையும் லீவு விடுவதற்கு முன் பள்ளியிலேயே எடுத்துவிட்டால் நல்லது, பெற்றோரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டால் பாதிப் பேர் கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவைத்தான் அனுப்புவார்கள். கேமரா ஆளை நாங்களே அனுப்புகிறோம், இரண்டு நாள் ஒரு அறை மட்டும் ஒதுக்கித் தாருங்கள்.

அன்புடன்,
விற்பனைப் பொறுப்பாளர்
ஈரோடு கிளை