அல்சூர், 1890: காலண்டருக்கு இரண்டு படங்கள்

முதல் படம்

பெங்களூர் கண்டோன்மென்ட், அல்சூர், 1890 ஜனவரி, காலை ஏழு மணி. சோமேஸ்வரர் கோயில் கோபுரம் தெரியும் மண் தெரு; வண்டிச் சக்கரத் தடம், சாணம், முழங்கால் உயரப் பனிமூட்டம்.

நடுவில் காய்கறி விற்கும் தமிழ்ப் பெண், நாற்பது வயது, சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முரட்டு நூல் சேலை, மங்கிய செம்மண் நிறம், பின்கொசுவக் கட்டு. முந்தானையே தோளை மூடும், ரவிக்கை இல்லை. முன்பக்கம் விசிறி மடிப்பும் தோளில் ஊக்கு குத்திய முந்தானையும் கண்டிப்பாகக் கூடாது. போன தடவை வரைந்த படத்தில் அவள் கல்யாண வரவேற்புக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். நெற்றியில் கையால் வைத்த குங்குமம், கொஞ்சம் கோணலாக இருந்தால் நல்லது. கையில் கண்ணாடி வளையல். பாம்படம் வேண்டாம், அது திருநெல்வேலிப் பக்கம். இவள் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். காதில் சின்னக் கம்மல் போதும்.

முன்னால் மூங்கில் கூடையில் அவரைக்காய், சீசன் அதுதான். கையில் மரக்கோல் தராசு, கயிற்றில் தொங்கும் இரண்டு மூங்கில் தட்டு. ஒரு தட்டில் இரும்பு எடைக்கல். சேர் கணக்கு, ஆகவே கிலோ என்ற எழுத்து எங்கேயும் வரக்கூடாது. சாக்கின் ஓரத்தில் ராணி விக்டோரியா தலை போட்ட செப்புக் காலணா நாலைந்து.

வாங்க வந்தவர் குடுமி வைத்த பெரியவர்: நாலு முழ வேட்டி, தோளில் கறுப்புக் கம்பளி, வெறுங்கால். கிராப்புத் தலை, கைக்கடிகாரம், ரப்பர் செருப்பு எதுவும் வேண்டாம். அவர் குனிந்து ஒரு அவரையை உடைத்துப் பார்க்கிறார். அவள் முகத்தில் எரிச்சல்.

பின்னால் தோல் பையில் தண்ணீர் சுமக்கும் பிஸ்தி ஒருவர், இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கர ஜட்கா ஒன்று. தெருக்குழாய் வேண்டாம், ஹெசரகட்டா ஏரித் தண்ணீர் ஊருக்கு வர இன்னும் சில வருடம் இருக்கிறது. பாத்திரம் பித்தளை, செம்பு, மண் மட்டும். எவர்சில்வர், பிளாஸ்டிக் குடம், தார்ப்பாய் கிடையாது. மின்கம்பம், மின்கம்பி, பெயர்ப்பலகை கிடையாது. கோபுரத்துக்குப் பளபள வண்ணம் அடிக்க வேண்டாம்.

இரண்டாவது படம்

அதே தெரு, அதே நாள் இரவு எட்டு மணி. மரக்கம்பத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு. விளக்கேற்றுபவர் ஏணியில் நிற்கிறார், காக்கி அல்ல, அழுக்கு வெள்ளைச் சட்டையும் தலைப்பாகையும். வெளிச்சம் மஞ்சள், பத்தடிக்கு மேல் போகக் கூடாது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்ததே 1905-ல்தான். பெட்ரோமாக்ஸ் அதற்கும் அப்புறம். ஆகவே வெள்ளை வெளிச்சம் ஒரு பொட்டுகூட வேண்டாம். காலையில் பார்த்த பெண் காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விளக்கைத் தாண்டிப் போகிறாள், முதுகு மட்டும் தெரியும். சேலை, கொசுவம், வளையல் முதல் படத்தில் இருந்தபடியே.

இரண்டும் நீர்வண்ண ஓவியம் மாதிரி, அகலவாக்கில். மேலே தேதி அச்சடிக்க வானம் காலியாக இருக்கட்டும்.