பெரியப்பா, பெரியம்மா இன்சூரன்ஸ்: இரண்டு படத்தையும் பார்த்துவிட்டேன்

அண்ணா,

பெரியப்பா, பெரியம்மாவுக்கு எந்த மருத்துவ பாலிசி எடுக்கலாம் என்று கேட்டு நேற்று ராத்திரி அனுப்பிய, ஏஜென்ட் கொடுத்த இரண்டு பாலிசி அட்டவணைகளின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல அட்டவணைப் படத்தில் ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அது மறைத்த வரி ஆம்புலன்ஸ் தொகை, அதனால் பாதகமில்லை. பச்சை அட்டவணையில்தான் கடைசி இரண்டு வரி வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், அண்ணி காத்துக்கொண்டிருப்பார். பச்சையை எடுங்கள். காப்பீட்டுத் தொகை நீலத்தில் 10 லட்சம், பச்சையில் 5 லட்சம், பிரீமியமும் நீலத்தில்தான் குறைவு, அப்படியிருந்தும் பச்சை.

ஏஜென்ட் 10 லட்சம் என்ற எண்ணை வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆறு வருஷம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணை அல்ல. அறை வாடகை வரியையும் கோ-பே வரியையும்தான். நீலத்தில் அறை வாடகை நாளுக்கு 4,000 ரூபாய் வரைக்கும்தான். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது பாருங்கள். கீழே பொடி எழுத்தில் அதன் விளக்கம்: அதற்கு மேல் வாடகையுள்ள அறையில் தங்கினால் மற்ற செலவுகளும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். கோ-பே 30 சதவீதம். அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நூற்றுக்கு முப்பது நம் கையிலிருந்து. பச்சையில் தனி ஏசி அறை, தொகை வரம்பு இல்லை. கோ-பே 10 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியப்பாவை ஈரோட்டிலோ கோவையிலோ ஐந்து நாள் சேர்க்கிறோம், அறை நாளுக்கு 8,000, மொத்த பில் 3 லட்சம் என்று வையுங்கள். அறைக்கு 40,000. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் 1,40,000. மருந்து, ஸ்கேன், டெஸ்ட் 1,10,000. கையுறை, பஞ்சு மாதிரி சில்லறைச் சாமான் 10,000. இரண்டு அட்டவணையிலும் இதற்குப் பணம் கிடையாது.

நீலத்தில், அறை வரம்பு பாதிதான் என்பதால் அறைக்கு 20,000. டாக்டர், தியேட்டர் செலவும் பாதியாகி 70,000. மருந்து, டெஸ்ட்டில் இந்த வெட்டு இல்லை, முழுதாக 1,10,000. கூட்டினால் 2 லட்சம். அதில் 30 சதவீதம் கோ-பே போக 1,40,000 வரும். மீதி 1,60,000 நீங்கள் கட்ட வேண்டும்.

பச்சையில், 2,90,000 கணக்கில் வரும், கோ-பே 29,000 போக 2,61,000 தருவார்கள். உங்கள் கையிலிருந்து 39,000.

வித்தியாசம் 1,21,000. பிரீமியத்தில் வித்தியாசம் வருஷத்துக்கு 11,600 (பச்சை 58,400, நீலம் 46,800). பத்து வருஷம் மிச்சம் பிடித்ததை ஒரே அட்மிஷனில் விட்டுவிடுவோம். “4,000 ரூபாய் அறையே கேட்டு வாங்கிக்கொள்வோம்” என்பீர்கள். நல்லதுதான். ஆனால் அவசரத்துக்குச் சேர்க்கும் ராத்திரியில் காலியாக இருக்கிற அறைதான் கிடைக்கும். அறை கிடைத்தாலும் அந்த 30 சதவீதம் எங்கேயும் போகாது.

பெரியம்மா விஷயத்திலும் பச்சைதான். மூட்டு மாற்றுக்கு இரண்டிலும் 24 மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் நீலத்தில் ஒரு மூட்டுக்கு 1 லட்சம்தான் உச்சம். எங்கள் டெஸ்க்கில் அதற்குள் முடிந்த மூட்டு பில்லை நான் பார்த்ததில்லை. குத்துக்காலிட்டுப் பால் கறந்த முழங்கால், எப்படியும் ஒரு நாள் அந்த ஆபரேஷன் வரும் என்று வைத்துக்கொள்வதே புத்தி. கண்புரைக்கு நீலத்தில் ஒரு கண்ணுக்கு 30,000, பச்சையில் 40,000. தினப்படி 500 ரூபாய், இலவச பரிசோதனை, தொகை தீர்ந்தால் திரும்ப நிரப்புவது எல்லாம் நீலத்தில் கூடுதலாக மின்னுகிறது. அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சரி, பச்சையிலும் ஒரு குறை இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதில் 36 மாதம் காத்திருப்பு. நீலத்தில் 24 மாதம்தான். பெரியப்பாவுக்கு 71 வயது, சுகர், பிபி இரண்டும் இருக்கின்றன. அந்த ஒரு வருஷம் சின்ன விஷயம் இல்லை. (முன்பு 48 மாதம் வரை வைக்கலாம் என்று இருந்தது, 2024 ஏப்ரலில்தான் உச்சத்தை 36 ஆக்கினார்கள்.) உங்கள் பெருந்துறைக் கம்பெனியின் குரூப் பாலிசியில் அப்பா அம்மா பெயரும் இருக்கிறது, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே 3 லட்சம் உண்டு என்று சொன்னீர்களே, அதை நம்பித்தான் இந்த 36 மாதத்தைத் தாண்டலாம் என்கிறேன். ஆனால் தீபாவளிக்கு வந்தபோது வேலையை விட்டுவிட்டு நூல் வியாபாரத்தில் இறங்கப்போகிறேன் என்றீர்கள். அது நிஜமா? நிஜமென்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் மறுபடி யோசிக்க வேண்டும். வேலை போன நாளோடு குரூப் பாலிசியும் போய்விடும்.

“சுகர் கிகர் எல்லாம் ஃபாரத்தில் எழுத வேண்டாம், மாமா தெம்பாகத்தானே இருக்கிறார்” என்று ஏஜென்ட் சொன்னாராம், அண்ணி சொன்னார். தயவு செய்து கேட்காதீர்கள். சுகர், பிபி, சாப்பிடும் மாத்திரை, எத்தனை வருஷமாக என்பதை எல்லாம் எழுதுங்கள். மறைத்தது க்ளெய்ம் நேரத்தில் தெரிந்தால் பணமும் கிடைக்காது, பாலிசியையும் ரத்து செய்யலாம். 60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகுதான் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. அப்போதும் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம்.

நீல அட்டவணையில் இன்னொன்று கவனித்தேன். பிரீமியத்துக்குக் கீழே 18 சதவீத ஜிஎஸ்டி 8,424 சேர்த்து 55,224 என்று அச்சிட்டிருக்கிறார்கள். தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. அதாவது அது பழைய நோட்டீஸ். அதில் உள்ள மற்ற எண்களும் இன்றைக்கு அப்படியே இருக்கும் என்று நினைக்க முடியாது. பச்சையில் வரி போடவில்லை, புதியது என்றுதான் தெரிகிறது. இரண்டுக்கும் இன்றைய தேதி போட்ட விலையை எழுத்தில் கேளுங்கள்.

உங்களையும் குழந்தைகளையும் அதே பாலிசியில் சேர்க்கச் சொன்னால் வேண்டாம். மூத்தவர் வயதை வைத்துத்தான் விலை ஏறும். பெரியப்பாவுக்கு ஒரு பெரிய க்ளெய்ம் வந்தால் அந்த வருஷம் குழந்தைகளுக்கும் தொகை மிஞ்சாது.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் உங்கள் கணக்கிலிருந்தே அனுப்புங்கள். நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், 60 வயது தாண்டிய பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்துக்கு வருமான வரியில் 50,000 வரை கழிவு உண்டு, ரொக்கத்துக்கு இல்லை. மஞ்சள் விற்ற பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் வருவதற்குள் பச்சை அட்டவணையின் கடைசி இரண்டு வரியை, ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள். அறைக்கு வரம்பு இல்லை என்று மேலே போட்டுவிட்டு அங்கே ஏதாவது நட்சத்திரம் வைத்திருந்தால் நான் சொன்னதெல்லாம் மாறும். பெரியம்மா மூட்டு வலிக்கு எப்போதாவது டாக்டரிடம் காட்டிய சீட்டு இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். ஃபாரத்தில் அதையும் எழுத வேண்டும்.