தீவுச் செய்திகள்: பள்ளி மேடைக்கான செய்தியறிக்கை

(ஏழாம், எட்டாம் வகுப்புத் தமிழ் மாணவர்களுக்காக எழுதியது. அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் படிக்க. சுமார் பத்து நிமிடம் ஓடும். மேடையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வலப்பக்கம் மொரீசியஸ் வரைபடம் ஒட்டிய அட்டை. செய்தியாளர்கள் மேடையின் இடது ஓரத்தில் நிற்பார்கள். வாசிப்பவர்கள் வரிகளை ஒப்பிக்க வேண்டாம். ஒரு வாக்கியத்தைப் பார்த்து, தலை நிமிர்ந்து, சபையைப் பார்த்துச் சொன்னால் போதும். நாக்கு தடுமாறினால் 'மன்னிக்கவும்' என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். டிவியிலும் அப்படித்தான்.)

(தவில் ஒலி ஐந்து நொடி. மெல்ல அடங்கும்.)

தர்ஷினி: அனைவருக்கும் வணக்கம். இது தீவுச் செய்திகள். வாசிப்பவர்கள் தர்ஷினி...

கவிசன்: ...மற்றும் கவிசன். முதலில் தலைப்புச் செய்திகள்.

தர்ஷினி: ஆண்டின் வறண்ட மாதம் முடியப்போகிறது. குழாய்களில் இன்னும் காற்றுதான் வருகிறது.

கவிசன்: நவம்பர் 2 நெருங்குகிறது. போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் ஆப்ரவாசி காட் படித்துறையிலிருந்து நமது செய்தியாளரின் நேரடித் தகவல்.

தர்ஷினி: அழிவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பிய இளஞ்சிவப்புப் புறா.

கவிசன்: வானிலையில் இன்று: கியூர்பீப்பில் தூறும்போது ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் ஏன் வெயில் அடிக்கிறது?

(தவில், ஒரே ஒரு முத்தாய்ப்பு.)

தர்ஷினி: விரிவான செய்திகள். மொரீசியஸில் ஆண்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் மாதம் அக்டோபர். குளிர்காலத்தில் நிரம்பாத நீர்த்தேக்கங்கள் இந்த மாதத்தில் மேலும் இறங்கும். நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வாக்குவாவில் இருந்து யோகன் நம்முடன் இணைகிறார். யோகன், அங்கே நிலவரம் எப்படி?

(யோகன் இரண்டு நொடி பேசாமல் காதில் கைவைத்து நிற்க வேண்டும். நேரலையில் குரல் போய்ச் சேர நேரமாகும் இல்லையா, அதற்காக. சபை சிரிக்கும். யோகன் சிரிக்கக் கூடாது.)

யோகன்: வணக்கம் தர்ஷினி. மார் ஓ வாக்குவாவின் கரையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் பைன் மரங்கள். அந்த மரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே, மழைக்காலத்தில் நீருக்கடியில் மூழ்கிக் கிடக்கும் கரை இப்போது செம்மண்ணாகத் தெரிகிறது. நீர் இறங்கிய ஒவ்வொரு மட்டமும் கரையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. காலணி புதையும் சேறு ஓரிடத்தில், வெடித்த களிமண் இன்னோரிடத்தில்.

தர்ஷினி: இந்த நீர்த்தேக்கம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

யோகன்: முழுவதும் நிரம்பினால் இரண்டரைக் கோடி கன மீட்டருக்கு மேல். இது நடுமேட்டில் இருப்பதால் தண்ணீர் இங்கிருந்து தாழ்வான ஊர்களுக்கு இறங்கிப் போகிறது. ஆனால் தேக்கம் இருந்தால் மட்டும் போதாது, அதை நிரப்ப மழை வேண்டும். நமக்குப் பெருமழை டிசம்பருக்குப் பிறகுதான். அதுவரை இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

தர்ஷினி: நன்றி யோகன். ஒரு கேள்வி. நம் பள்ளியில் நிலைமை என்ன?

யோகன்: அதை நேற்றே பார்த்துவிட்டு வந்தேன். மேல்மாடிக் குழாயைத் திறந்தால் முதலில் ஒரு இருமல், அப்புறம் சீறல், அப்புறம் ஒன்றுமில்லை. பள்ளிக் காவலர் அங்கிளிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கேளுங்கள்.

(காவலராக நடிக்கும் மாணவர் கையில் வாளியுடன் வருவார்.)

காவலர்: தம்பி, மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறுவதே விடியற்காலையில்தான். பத்து மணிக்குள்ள பாதி போயிடும். பிள்ளைங்க கை கழுவும்போது கொஞ்சம் திறந்தாலே போதுமே! முழுசாத் திறந்துவிட்டு நண்பனோட பேசிட்டு நிக்கிறாங்க.

யோகன்: அங்கிள், மைதானத்தின் ஓரத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறதே?

காவலர்: அதைச் சொல்லாதே. வாஷர் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன்.

யோகன்: அந்தக் குழாயின் கீழ் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்தார்கள். இருபது நிமிடத்தில் நிரம்பிவிட்டது. அப்படியென்றால் மணிக்கு மூன்று லிட்டர். ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு லிட்டர். சனி, ஞாயிறும் சொட்டும், அதற்கு லீவு கிடையாது. மார் ஓ வாக்குவாவில் இருந்து யோகன்.

(காவலர் வாளியை எடுத்துக்கொண்டு போகும்போது கொஞ்சம் சிந்தினால் நல்லது. தண்ணீர் வேண்டாம், கிழித்த நீலக் காகிதம் போதும்.)

கவிசன்: அடுத்ததாக. நவம்பர் 2, ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாள், பொது விடுமுறை. 1834ஆம் ஆண்டு இதே நாளில், 'அட்லஸ்' என்ற கப்பலில் வந்த 36 தொழிலாளர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கரையேறினார்கள். அந்த இடத்தில் இருந்து வாணி.

வாணி: வணக்கம் கவிசன். இங்கே பதினாறு கற்படிகள் இருக்கின்றன. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் இந்தப் படிகளில் ஏறித்தான் தீவுக்குள் நுழைந்தார்கள். அவ்வளவு உயரமான படிகளும் அல்ல; ஒரு சின்ன வீட்டு மாடிப்படி அளவுதான். ஆனால் 1834க்கும் 1920க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ இந்த ஆப்ரவாசி காட் படித்துறையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கவிசன்: அந்த முதல் கப்பலில் தமிழர்கள் இருந்தார்களா?

வாணி: அது கல்கத்தாவிலிருந்து வந்த கப்பல். சென்னை வழியாகத் தமிழ்த் தொழிலாளர்கள் வந்தது பிறகு. ஆனால் கவிசன், அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தச்சர்களும் கொத்தர்களும் இங்கே வந்துவிட்டார்கள். ஆளுநர் லபூர்தொனே போர்ட் லூயிஸைக் கட்டியபோது அவர்களுடைய கைகளும் அந்த வேலையில் இருந்தன. ஆகவே நம்மில் சிலருடைய குடும்பக் கதை இந்தப் படிகளில் தொடங்குகிறது, சிலருடையது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வீட்டில் பாட்டியைக் கேட்டால் எது என்று தெரியலாம், தெரியாமலும் போகலாம். என் பாட்டி, "கேட்டதெல்லாம் போதும், தட்டைக் கழுவு" என்றார்.

கவிசன்: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) தட்டைக் கழுவத் தண்ணீர் வந்ததா வாணி?

வாணி: வந்தது, ஒரு குவளை. போர்ட் லூயிஸில் இருந்து வாணி.

தர்ஷினி: நேயர்களுக்கு ஒரு சிறிய வேலை. உங்கள் பையில் ரூபாய் நோட்டு ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கும். கூட்டம் முடிந்ததும் நோட்டைக் கேண்டீனில் கொடுத்துவிடாமல் ஒரு முறை வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

கவிசன்: இயற்கைச் செய்தி. இளஞ்சிவப்புப் புறா மொரீசியஸில் மட்டுமே வாழும் பறவை. 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பறவைகள் என்ற அளவுக்குக் குறைந்துபோனது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, எலி, பூனையைக் கட்டுப்படுத்தி, இப்போது அவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தென்கிழக்கே மாயேபூர் அருகே உள்ள இல் ஓ எக்ரெத் தீவில் அவற்றைப் பார்க்கலாம். டோடோவுக்கு இந்த உதவி கிடைக்கவில்லை.

தர்ஷினி: விளையாட்டு. ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடந்த கால்பந்துப் போட்டி 2க்கு 2 என்று சமனில் முடிந்தது. இரண்டாவது கோல் கோலா இல்லையா என்று நடுவரான ஆசிரியரிடம் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

கவிசன்: இனி வானிலை. ரூபன், இந்த வாரம் குடை எடுக்கலாமா, தொப்பி எடுக்கலாமா?

(ரூபன் அட்டையின் இடப்பக்கம் நிற்க வேண்டும், வரைபடத்தை மறைக்கக் கூடாது. கையில் நீண்ட மூங்கில் குச்சி.)

ரூபன்: வணக்கம் கவிசன். இரண்டும்! நடுமேட்டில் கியூர்பீப்பில் இருந்தால் குடை, மேற்குக் கரையில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் இருந்தால் தொப்பி. இரண்டுக்கும் நடுவே பேருந்தில் போனால் அவ்வளவு நேரம்கூட ஆகாது. ஏன் இந்த வித்தியாசம்? இங்கே பாருங்கள். (வரைபடத்தின் கீழ் வலது மூலையைக் காட்டுகிறார்.) ஆண்டு முழுவதும் நமக்குக் காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து நடுமேட்டில் மோதி மேலே ஏறுகிறது. ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் மேகம், மேகம் கனத்தால் தூறல். மேட்டைத் தாண்டி மேற்குக் கரைக்கு இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் மிச்சமில்லை. அதனால்தான் நடுமேட்டில் ஆண்டுக்கு மேற்குக் கடற்கரையைப் போல் பல மடங்கு மழை பெய்கிறது.

கவிசன்: அடுத்த மூன்று நாள் எப்படி இருக்கும்?

ரூபன்: காலையில் நடுமேட்டில் மேகம், லேசான தூறல். பத்து மணிக்கு மேல் வெளுக்கும். கியூர்பீப்பில் அதிகபட்சம் 23 டிகிரி, போர்ட் லூயிஸில் 29 டிகிரி. கிழக்குக் கரையில் பாறைத் திட்டுக்கு வெளியே அலை கொஞ்சம் பெரிதாக இருக்கும். படகில் போகிறவர்கள் கவனிக்கவும். சூரியன் காலை ஐந்தரைக்கு உதிக்கிறது, மாலை ஆறேகாலுக்கு மறைகிறது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகிறவர்கள் நண்பகல் வெயிலில் படுத்துத் தூங்க வேண்டாம்.

கவிசன்: சூறாவளிக் காலம் எப்போது தொடங்குகிறது?

ரூபன்: நவம்பர் நடுவில் இருந்து. மழையோடு இதுவும் சேர்ந்தே வரும், பிரித்து வாங்க முடியாது. (குச்சியை வைத்துவிட்டு.) பெயர் வைப்பது எப்படித் தெரியுமா? தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் 55 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே புயல் வலுத்தால் மொரீசியஸ் வானிலை மையம் பெயர் வைக்கும்; மேற்கே என்றால் மடகாஸ்கர். நாம் இருப்பது ஏறக்குறைய 57½ டிகிரியில், கோட்டுக்கு இந்தப்பக்கம். பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே தயாரித்துவிடுவார்கள். என் பெயர் அதில் இருக்காது என்று நம்புகிறேன்.

கவிசன்: மறக்க முடியாத புயல் எதுவும்?

ரூபன்: 1960 பிப்ரவரியில் வந்த 'கரோல்' காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வேகம் தொட்டது. ஆயிரக்கணக்கான வீடுகள் போயின. அதற்குப் பிறகுதான் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகின. 2024 ஜனவரியில் 'பெலால்' வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆகவே ஒரு பட்டியல்: டார்ச், பேட்டரி, பிஸ்கட், குடிநீர், ரேடியோ. செல்போன் சார்ஜ் போனால் ரேடியோ இல்லாமல் எச்சரிக்கையே தெரியாது. கூரையில் தளர்ந்த தகடு இருந்தால் இந்த வாரமே அப்பாவிடம் சொல்லுங்கள், புயல் வந்த பிறகு ஏணி எடுக்க வேண்டாம். வானிலை அறையிலிருந்து ரூபன்.

(ரூபன் குனிந்து வணங்கி, அட்டையை எடுக்காமல் வெளியேறுகிறார்.)

தர்ஷினி: இத்துடன் செய்திகள் நிறைவடைகின்றன. அடுத்த அறிக்கை புது ஆண்டின் முதல் பருவத்தில். செய்தி தருவோர் வரைபடம் இருந்த இடத்தில் தமிழாசிரியரைச் சந்திக்கலாம்.

கவிசன்: நன்றி. வணக்கம்.

(தவில். இருவரும் காகிதங்களை மேசையில் தட்டி அடுக்குகிறார்கள். திரை.)